பால்வீதியும் ஆண்ட்ரோமெடாவும் கலக்கும்போது எது மோதும், எது மோதாது

கேள்வி: "இன்னும் சில நூறு கோடி வருஷத்துல நம்ம பால்வீதியும் ஆண்ட்ரோமெடாவும் மோதும்னு சொல்றாங்களே, அப்போ நட்சத்திரங்கள் எல்லாம் ஒன்னோட ஒன்னு முட்டி வெடிச்சிடுமா? சூரியனுக்கும் பூமிக்கும் என்ன ஆகும்? இது கண்டிப்பா நடக்குமா?"

முதலில் சுருக்கமாக: விண்மீன்கள் முட்டிக்கொள்ளாது. சூரியன் தன் கோள்களோடு அப்படியே இருக்கும், ஆனால் வேறு இடத்துக்கு இழுத்துச் செல்லப்படலாம். பூமியில் அதற்கு வெகு காலம் முன்பே கடல்கள் வற்றியிருக்கும், அதற்குக் காரணம் ஆண்ட்ரோமெடா அல்ல. "கண்டிப்பாக நடக்குமா" என்ற கடைசிக் கேள்விக்கு 2012-இல் கேட்டிருந்தால் ஆம் என்று பதில் வந்திருக்கும். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

ஆண்ட்ரோமெடா நம்மிடமிருந்து சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அது நம்மை நோக்கி வருகிறது என்பதை 1912-இல் வெஸ்டோ ஸ்லைஃபர் என்ற வானியலாளர் அதன் ஒளியின் நிறமாலையைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமாக நகர்ந்திருந்தன, வேகம் நொடிக்கு 300 கிலோமீட்டர் என்று கணக்கு வந்தது. அந்த 300-இல் பெரும்பகுதி சூரியனுடைய சொந்த ஓட்டம். பால்வீதியின் மையத்தைச் சுற்றும் சூரியன் இப்போது ஏறத்தாழ ஆண்ட்ரோமெடா இருக்கும் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதைக் கழித்தால் இரண்டு விண்மண்டலங்களும் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர். இந்த எண்ணில் பெரிய சர்ச்சை இல்லை.

சிக்கல் பக்கவாட்டு வேகத்தில்தான். நேராக வரும் வேகத்தை நிறமாலை சொல்லிவிடும். பக்கவாட்டில் நகர்வதை அறிய வானத்தில் அந்தப் பொருளின் இடம் மாறுவதைக் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் நொடிக்கு 17 கிலோமீட்டர் நகரும் ஒன்று, வானத்தில் ஓராண்டில் இடம் மாறுவது ஒரு விகலையின் 10 லட்சத்தில் 5 பங்கு. ஒரு பாகையில் 3,600 விகலைகள் என்பதை நினைவில் வைத்தால் இது எவ்வளவு சின்ன நகர்வு என்று புரியும். ஹபிள் தொலைநோக்கியில் பல ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களில், ஆண்ட்ரோமெடாவின் ஆயிரக்கணக்கான விண்மீன்களைப் பின்னணியில் இருக்கும் அதிதொலைவு விண்மண்டலங்களோடு ஒப்பிட்டு 2012-இல் இதை அளந்தார்கள். கிடைத்த விடை நொடிக்கு 17 கிலோமீட்டர், பிழை வரம்பும் அதே 17. அதாவது பக்கவாட்டு வேகம் கிட்டத்தட்டப் பூஜ்யமாகவும் இருக்கலாம். அதனால்தான் "நேருக்கு நேர் மோதல், சுமார் 400 கோடி ஆண்டில்" என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

நேர்கோட்டுக் கணக்குப்படி 25 லட்சம் ஒளியாண்டைக் கடக்க நொடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் கிட்டத்தட்ட 700 கோடி ஆண்டு ஆகும். 400 கோடி என்று சொல்வது ஏனென்றால் வழியெல்லாம் ஈர்ப்பு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது.

பிறகு கையா விண்கலத்தின் தரவுகள் வந்தன. 2019-இல் அதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பக்கவாட்டு வேகம் நொடிக்குச் சுமார் 57 கிலோமீட்டர் என்று வந்தது, பிழை வரம்பு இன்னும் அகலம். பக்கவாட்டு வேகம் கூடக் கூட, முதல் முறை நெருங்கும்போது இடையில் இருக்கும் தூரமும் கூடும். அந்தத் தூரம் எவ்வளவு என்பதுதான் இரண்டும் சேருமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். 2025-இல் வெளியான ஓர் ஆய்வு, அளவீடுகளின் பிழை வரம்புக்குள் தொடக்க நிலைகளை மாற்றி மாற்றிக் கணினியில் ஒரு லட்சம் முறை ஓட்டிப் பார்த்தது. இந்த இரண்டோடு இன்னும் இரண்டு பேரையும் கணக்கில் சேர்த்தது: ஆண்ட்ரோமெடாவின் துணையான முக்கோண மண்டலம், நம் துணையான பெரிய மெகல்லானிக் மேகம். முக்கோண மண்டலத்தின் இழுப்பு சேர்க்கையின் வாய்ப்பைக் கூட்டியது, மெகல்லானிக் மேகத்தின் இழுப்பு குறைத்தது. மொத்தத்தில் அடுத்த 1,000 கோடி ஆண்டில் இரண்டும் ஒன்றாகும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. ஒன்றாகும் ஓட்டங்களிலும் பெரும்பாலானவற்றில் அது 700–800 கோடி ஆண்டுக்குப் பிறகே நடந்தது. 400–500 கோடி ஆண்டில் நேரடி மோதல் என்பது 2 சதவீத ஓட்டங்களில் மட்டும்.

ஆகவே இனி நான் சொல்வதெல்லாம் "சேர்ந்தால்" என்ற நிபந்தனையோடு. காலக்கணக்கு சொல்ல வேண்டிய இடங்களில், அதிகம் அலசப்பட்டது என்பதால் 2012-இன் அட்டவணையையே எடுத்துக்கொள்கிறேன்: முதல் நெருக்கம் சுமார் 390 கோடி ஆண்டில், முழுச் சேர்க்கை சுமார் 590 கோடி ஆண்டில். முதல் நெருக்கம் தள்ளிப் போனால் எல்லாம் சேர்ந்து தள்ளிப் போகும், நிகழ்வுகளின் வரிசை மாறாது.

வேகமாக வந்து ஒன்றை ஒன்று கடக்கும் இரண்டு பொருள்கள் ஏன் அப்படியே போய்விடக் கூடாது? வானில் எதுவும் எதையும் முட்டவில்லை என்றால், வந்த வேகத்திலேயே விலகியும் போக வேண்டும். அப்படி நடக்காமல் தடுப்பது கரும்பொருள், அதாவது ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டும் தன் இருப்பைக் காட்டும் பொருள். நாம் படங்களில் பார்க்கும் சுருள் தட்டு பால்வீதியின் சிறு பகுதிதான். அதன் குறுக்களவு சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. அதைச் சூழ்ந்து எல்லாத் திசையிலும் பல லட்சம் ஒளியாண்டு வரை கரும்பொருளால் ஆன ஒரு கோளம் பரவியிருக்கிறது. பால்வீதியின் மொத்த நிறை ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி சூரியன்கள் என்றால், விண்மீன்களின் பங்கு அதில் 5 சதவீதம் அளவுதான். ஆண்ட்ரோமெடாவும் இப்படியேதான். எனவே தட்டுகள் தொட்டுக்கொள்வதற்கு வெகு முன்பே இந்தக் கோளங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும்.

ஒரு கனமான பொருள் சின்னத் துகள்களின் கூட்டத்துக்குள் ஓடும்போது, தன் ஈர்ப்பால் அவற்றைத் தன் பாதையை நோக்கி இழுக்கிறது. அவை வந்து சேர்வதற்குள் பொருள் முன்னே போய்விடுகிறது. அதனால் அதன் பின்னால் சற்றே அடர்த்தியான ஒரு வால் உருவாகிறது, அந்த வால் பொருளைப் பின்னுக்கு இழுக்கிறது. எதுவும் எதையும் தொடாமலே பிரேக் பிடித்தது போல வேகம் குறைகிறது. இதை இயக்க உராய்வு என்பார்கள். இதன் சூத்திரத்தை 1943-இல் சுப்ரமணியன் சந்திரசேகர் எழுதினார். அந்தச் சூத்திரத்தில் இரண்டு விஷயம் இங்கே முக்கியம். சூழ்ந்திருக்கும் துகள்கள் அடர்த்தியாக இருந்தால் பிரேக் வலுவாகப் பிடிக்கும். ஓடும் வேகம் மிக அதிகமானால் பிரேக் தளரும், ஏனெனில் வால் உருவாக நேரம் போதாது. முதல் நெருக்கத்தின் தூரம் ஏன் அத்தனை முக்கியம் என்று இப்போது தெரியும். ஒரு லட்சம் ஒளியாண்டு அளவில் நெருங்கினால் அடர்ந்த உள்பகுதி வழியாகப் போக வேண்டும், வேகம் கணிசமாகக் குறையும், விலகிப் போனது திரும்பி வரும். பத்து லட்சம் ஒளியாண்டு தள்ளிக் கடந்தால் ஓரத்தில் துகள்கள் அடர்த்தி குறைவு, பிரேக் பிடிக்காது. அப்போது இரண்டும் நீண்ட சுற்றுப்பாதையில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே இருக்கும். 2025 ஆய்வின் அந்த "இன்னொரு பாதி" இப்படிப்பட்ட ஓட்டங்கள்தான்.

இழந்த வேகம் எங்கே போகும்? கரும்பொருள் துகள்களுக்குப் போகும். கோளங்கள் உப்பும், அவற்றின் துகள்கள் முன்பைவிட வேகமாக அலையும்.

இப்போது விண்மீன்களுக்கு வருவோம். சூரியனை ஒரு சென்டிமீட்டர் கோலிக்குண்டாக வைத்தால், அடுத்த விண்மீனான பிராக்சிமா 290 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு குண்டு, அதைவிடச் சின்னது. இதைப் படித்ததும் "மோதாது" என்று தோன்றும், ஆனால் பல்லாயிரம் கோடி குண்டுகள் இருக்கின்றனவே என்ற சந்தேகமும் வரும். அது நியாயமான சந்தேகம். எண்ணிப் பார்த்துவிடலாம்.

சூரியன் ஆண்ட்ரோமெடாவின் தட்டைச் செங்குத்தாகத் துளைத்துக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் சுற்றுப்புறத்தில் ஒரு கன ஒளியாண்டுக்கு ஏறத்தாழ 0.003 விண்மீன் இருக்கிறது. தட்டின் தடிமன் 2,000 ஒளியாண்டு என்று கொண்டால், தட்டை மேலிருந்து பார்க்கும்போது ஒரு சதுர ஒளியாண்டுப் பரப்பில் 6 விண்மீன்கள் தெரியும். சூரியன் அளவுள்ள இரண்டு விண்மீன்கள் உரசிக்கொள்ள அவற்றின் மையங்கள் 14 லட்சம் கிலோமீட்டருக்குள் வர வேண்டும். எனவே ஒவ்வொரு விண்மீனும் 14 லட்சம் கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டமான இலக்கு.

```
ஒரு இலக்கின் பரப்பு      = 3.14 × (1.4 × 10^6)^2  ≈ 6 × 10^12 சதுர கி.மீ.
ஒரு சதுர ஒளியாண்டு       = (9.46 × 10^12)^2       ≈ 9 × 10^25 சதுர கி.மீ.
6 இலக்குகளின் பங்கு      ≈ 4 × 10^-13
ஈர்ப்பால் கூடும் மடங்கு  = 1 + (618/500)^2        ≈ 2.5
மோதும் வாய்ப்பு           ≈ 1 × 10^-12
```

நான்காவது வரிக்கு மட்டும் விளக்கம் வேண்டும். நெருங்கி வரும் விண்மீன்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால் இலக்கு கொஞ்சம் பெரிதாகிறது. சூரியனின் பரப்பிலிருந்து தப்பிக்கத் தேவையான வேகம் நொடிக்கு 618 கிலோமீட்டர், கடக்கும் வேகத்தை நொடிக்கு 500 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறேன். ஆக வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்று. பால்வீதியில் இருக்கும் விண்மீன்கள் 10,000 கோடியிலிருந்து 40,000 கோடி வரை. எல்லாமே இப்படித் துளைத்துக்கொண்டு போனாலும் மொத்தத்துக்கும் சேர்த்து எதிர்பார்க்கக்கூடிய மோதல்கள் 0.1 முதல் 0.4 வரை, ஒன்றுகூடத் தேறவில்லை. உண்மையில் பெரும்பாலான விண்மீன்கள் சூரியனைவிடச் சிறிய சிவப்புக் குறுமீன்கள், ஆகவே இதுவும் அதிகப்படியான கணக்குதான். மையப் பகுதியில் நெரிசல் மிக அதிகம், அங்கே இரண்டு மையங்களும் பலமுறை ஊடுருவும். அங்கு சில மோதல்கள் நடக்கலாம். அதை வெளியிலிருந்து பார்ப்பவர் கவனிக்கவே மாட்டார்.

அதே முறையில் கோள்களையும் பார்த்துவிடலாம். நெப்டியூனின் சுற்றுப்பாதைக்குள் ஓர் அயல் விண்மீன் நுழைய வேண்டுமென்றால் இலக்கின் ஆரம் 450 கோடி கிலோமீட்டர். வாய்ப்பு சுமார் 2.4 லட்சத்தில் ஒன்று. சூரியனைச் சுற்றி வெகுதொலைவில் பரவியிருக்கும் வால்மீன் கூட்டமான ஊர்ட் மேகத்துக்கு ஓர் ஒளியாண்டு ஆரம் கொடுத்தால், அதற்குள் கிட்டத்தட்ட 20 விண்மீன்கள் புகுந்து போகும். கேட்கப் பயமாக இருந்தாலும் இதன் விளைவு குறைவு. கடந்து போகும் விண்மீன் கொடுக்கும் உந்தல் அதன் வேகத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இன்றைக்கு நம் பக்கத்தில் கடந்து போகும் விண்மீன்கள் நொடிக்குச் சில பத்து கிலோமீட்டர் வேகத்தில் நகர்பவை. 500 கிலோமீட்டரில் பாய்ந்து போகும் விண்மீனுக்கு ஊர்ட் மேகத்தை உலுக்க நேரமே இருக்காது.

அப்படியானால் "மோதல்" என்ற சொல் பொருந்துவது வாயுவுக்கு மட்டும். விண்மீன்களுக்கு இடையே ஒரு கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு என்ற கணக்கில்தான் வாயு இருக்கிறது, ஆய்வகத்தில் உருவாக்கும் வெற்றிடத்தைவிட வெற்று. ஆனாலும் வாயு இடைவெளி இல்லாமல் பரவியிருக்கிறது. எதிர்த் தட்டைக் கடக்க முயலும் ஓர் அணு வழியில் லட்சக்கணக்கான முறை இடிபட்டு நின்றுவிடும். ஒரே இடத்தில் இருந்த விண்மீன்களும் வாயுவும் இங்கே பிரிகின்றன: விண்மீன்கள் போய்க்கொண்டே இருக்கும், வாயு சிக்கிக்கொள்ளும்.

நேராக முட்டும் வாயு அதிர்ச்சி அலையால் சூடாகும். நொடிக்கு 500 கிலோமீட்டர் வேகம் அப்படியே வெப்பமானால் சுமார் 30 லட்சம் டிகிரி வரும், அது எக்ஸ் கதிரில் ஒளிரும். அவ்வளவு சூடான வாயுவில் விண்மீன் பிறக்காது. பிறப்பு வேறு இடத்தில் நடக்கிறது. எதிர் மண்டலத்தின் ஈர்ப்பு தட்டைக் குலைத்து நீள்வாட்டமாக்கும்போது, தட்டில் சுற்றிக்கொண்டிருந்த குளிர்ந்த வாயு தன் சுழற்சியை இழக்கிறது. சுழற்சி இல்லாத வாயுவுக்கு வெளியே நிற்க வழியில்லை, மையத்தை நோக்கிச் சரிகிறது. அங்கே நெருங்கிக் குவிந்து விண்மீன்களாக உடைகிறது.

இங்கேதான் பல வர்ணனைகள் அளவுக்கு மீறிப் போகின்றன. வானமே பற்றி எரிவது போல எழுதுகிறார்கள். ஆர்ப் 220 என்ற, சேர்ந்துகொண்டிருக்கும் மண்டலத்தில் ஆண்டுக்கு நூறு சூரியன்களுக்கும் மேலான நிறை விண்மீன்களாக மாறுகிறது என்பது உண்மை. ஆனால் அங்கே வாயு ஏராளம். இன்றைய பால்வீதியில் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு சூரிய நிறைதான் விண்மீனாகிறது, ஆண்ட்ரோமெடாவில் அதைவிடக் குறைவு. இருக்கும் வாயுவையும் அடுத்த சில நூறு கோடி ஆண்டுகளில் இரண்டும் செலவழித்துக்கொண்டே இருக்கும். அதனால் இந்தச் சேர்க்கைக்கென்றே 2008-இல் காக்ஸ், லோப் இருவரும் செய்த கணினி ஓட்டத்தில் விண்மீன் பிறப்பின் எழுச்சி மிதமாகவே வந்தது. அந்தச் சேர்க்கைக்கு "மில்கொமெடா" என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான்.

முதல் நெருக்கத்துக்குப் பின் இரண்டும் விலகிப் போகும்போது தட்டுகளிலிருந்து நீண்ட வால்கள் வெளியே இழுக்கப்பட்டிருக்கும். எதிர் மண்டலத்துக்கு நெருக்கமான பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுக்கப்படுவதால் தட்டு நீளுகிறது. அதோடு தட்டின் சொந்தச் சுழற்சியும் சேர்ந்து வாலை வீசுகிறது. இது ஈர்ப்பின் வேலைதான் என்று 1972-இல் டூம்ரே சகோதரர்கள் கணினியில் காட்டினார்கள். அதற்கும் முன்பு, கணினி இல்லாத 1941-இல், எரிக் ஹோல்ம்பெர்க் 74 மின்விளக்குகளை மேசையில் பரப்பி இதே சோதனையைச் செய்திருந்தார். விளக்கொளியும் ஈர்ப்பைப் போலவே தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதால், ஒளியை அளந்து அதை ஈர்ப்பாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விளக்கையும் அடுத்த இடத்துக்கு நகர்த்தினார். எனக்குத் தெரிந்து இத்துறையின் மிக அழகான சோதனை இதுதான். இப்படிப்பட்ட வால்களை இன்றே பார்க்க வேண்டுமானால் 'ஆன்டெனா' என்று அழைக்கப்படும் NGC 4038, NGC 4039 இணையின் படத்தைப் பாருங்கள்.

இரண்டாம், மூன்றாம் நெருக்கங்களில் தட்டுகள் தாக்குப்பிடிக்காது. சாதாரணமாக ஒரு விண்மீனின் ஆற்றல் மாறாது, ஏனெனில் அது ஓடும் ஈர்ப்புக் களம் மாறாமல் இருக்கிறது. இரண்டு மையங்கள் ஒன்றை ஒன்று ஊடுருவும்போது அந்தக் களமே துடிக்கும். சரியான நேரத்தில் உள்ளே விழுந்த விண்மீன் ஆற்றல் பெற்று வெளியே வீசப்படும், இன்னொன்று இழந்து மையத்தில் தங்கும். ஒழுங்காக ஒரே திசையில் சுற்றியவை எல்லாத் திசையிலும் சுற்றத் தொடங்கும். தட்டையான சுருள்கள் போய், உருண்டை சற்று நீண்டது போன்ற ஒரு நீள்வட்ட மண்டலம் மிஞ்சும். மிஞ்சிய வாயு சுழற்சியோடு திரும்ப விழுந்தால் நடுவில் ஒரு சிறு தட்டு மறுபடி உருவாகலாம். லட்சக்கணக்கான விண்மீன்கள் நெருங்கிய உருண்டைக் கொத்துகள் இரண்டு மண்டலங்களிலும் சேர்த்துச் சில நூறு இருக்கின்றன. அவை இறுக்கமானவை, பெரும்பாலும் உடையாமல் புதிய மண்டலத்தைச் சுற்றத் தொடங்கும்.

சூரியன் எங்கே போகும்? இப்போது மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அதே தொலைவில் சுற்றும் விண்மீன்களைக் கணினியில் பின்தொடர்ந்த 2012 ஆய்வில், சேர்க்கை முடியும்போது 85 சதவீதம் இப்போதையதைவிடத் தள்ளிப் போயிருந்தன. 10 சதவீதம் 1.6 லட்சம் ஒளியாண்டுக்கும் அப்பால். 2008 ஆய்வில், முதல் நெருக்கத்திலேயே சூரியன் வாலுக்குள் இழுக்கப்படும் வாய்ப்பு 12 சதவீதம், இடையில் ஆண்ட்ரோமெடாவின் பக்கம் கட்சி மாறும் வாய்ப்பு 3 சதவீதத்துக்கும் குறைவு. எந்த வழியில் போனாலும் கோள்கள் கூடவே போகும். சூரியக் குடும்பத்தின் அகலம் ஒளியாண்டில் பார்த்தால் ஒன்றுமில்லை, அதன் ஒரு முனையையும் மறுமுனையையும் எதிர் மண்டலம் ஒரே அளவில்தான் இழுக்கும்.

பூமியின் கதை வேறு கடிகாரத்தில் ஓடுகிறது. சூரியன் 100 கோடி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் பிரகாசமாகிறது. இன்னும் 100 முதல் 150 கோடி ஆண்டில் கடல்கள் ஆவியாகத் தொடங்கும். சூரியன் சுமார் 760 கோடி ஆண்டில் செம்பெருமீனாக அதன் உச்ச அளவுக்கு வீங்கும், பிறகு வெண்குறுமீனாகச் சுருங்கும். சேர்க்கை 700–800 கோடிக்குத் தள்ளிப்போனால், ஆண்ட்ரோமெடாவின் மையம் நம் மையத்தோடு சேரும் காலத்தில் சூரியனே தன் கடைசிக் கட்டத்தில் இருக்கும்.

யாராவது எங்கிருந்தாவது பார்த்தால் வானம் எப்படி இருக்கும் என்பதையும் திருத்திச் சொல்ல வேண்டும். ஆண்ட்ரோமெடா இன்றே வானத்தில் 3 பாகை அகலம், ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த நீளம். வெறுங்கண்ணுக்கு நடுப்பகுதி மட்டும் மங்கலாகத் தெரிகிறது. நெருங்கி வந்தால் பிரகாசமாகும் என்று நினைப்போம். ஆனால் பரந்த பொருள் ஒன்று நெருங்கும்போது அதன் ஒளி கூடும் அதே அளவுக்கு அது வானத்தில் பிடிக்கும் பரப்பும் கூடுகிறது. ஒரு சதுர பாகைக்கு வரும் ஒளி மாறாது. நான்கு லட்சம் ஒளியாண்டு தொலைவில் அது 20 பாகை அகலமாகப் படர்ந்திருக்கும், அப்போதும் நாம் இன்று இருண்ட இரவில் பார்க்கும் பால்வீதிப் பட்டை அளவுக்கே மங்கல். படங்களில் வரும் ஒளிவெள்ளம் நீண்ட நேரம் திறந்துவைத்த கேமராவின் கண்ணுக்குத் தெரிவது.

எல்லாம் அடங்கிய பிறகும் இரண்டு கருந்துளைகள் மிச்சம். நம்முடையது 43 லட்சம் சூரிய நிறை, ஆண்ட்ரோமெடாவினுடையது சுமார் 14 கோடி. முன்பு சொன்ன அதே இயக்க உராய்வு இவற்றையும் மையத்துக்கு இறக்கும். சில பத்து ஒளியாண்டு இடைவெளியில் இவை ஒன்றையொன்று சுற்றத் தொடங்கும். அதற்கு மேல் உராய்வு உதவாது. பக்கமாக வரும் விண்மீன்களைக் கவண் கல் போல வீசி எறிந்து, ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் ஆற்றலை இழந்துதான் நெருங்க முடியும். வீச விண்மீன்கள் தீர்ந்தால் அங்கேயே நின்றுவிடுமோ என்பது இத்துறையின் பழைய கவலை. சேர்க்கையில் உருவான மண்டலம் சரியான உருண்டையாக இருக்காது, அதனால் புதிய விண்மீன்கள் நடுவுக்கு வந்துகொண்டே இருக்கும் என்பது அதற்கான பதில்.

கடைசி வேலை ஈர்ப்பு அலைகளுடையது: அவை ஆற்றலை எடுத்துச் செல்லச் செல்லக் கருந்துளைகள் இன்னும் நெருங்கும். அது தூரத்தை மிகக் கடுமையாகப் பொறுத்தது, ஆகும் காலம் தூரத்தின் நான்மடிக்கு ஏற்ப மாறும். இந்த இரண்டு நிறைகளுக்கு வட்டப் பாதையில் கணக்கிட்டால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 4,000 மடங்கு இடைவெளியில் இருந்தால் ஒன்றாகச் சுமார் 95 கோடி ஆண்டு ஆகும். இடைவெளி பாதியாகி 2,000 மடங்கானால் சுமார் 6 கோடி ஆண்டு போதும். கடைசிச் சுற்றுகளில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே சுமார் 9 மணி நேரம் இருக்கும். லிகோ போன்ற தரைக் கருவிகள் கேட்பது நொடிக்குப் பல முறை துடிக்கும் அலைகளை. 2030-களில் ஏவத் திட்டமிட்டிருக்கும் லிசா விண்கலத்துக்குக்கூட 9 மணி நேரம் சற்று மெதுவான துடிப்பு. சமநிறை இல்லாத கருந்துளைகள் சேரும்போது அலைகள் ஒரு பக்கமாக அதிகம் போவதால் புதிய கருந்துளைக்கு ஓர் எதிர் உதை கிடைக்கும். இங்கே ஒன்று மற்றதைப் போல 30 மடங்கு கனம் என்பதால் உதை நொடிக்குச் சில பத்து கிலோமீட்டரைத் தாண்டாது. மையத்திலிருந்து தப்பிக்க நொடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேண்டும், ஆகவே அது நடுவில் கொஞ்சம் ஆடிவிட்டு அங்கேயே தங்கிவிடும்.